வளர்ச்சி ஸ்கேன்: துண்டுச் சீட்டிலிருந்து ரிப்போர்ட் வரை

கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்துச் சின்ன ஸ்கேன் மையங்களில் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. டாக்டர் ஸ்கேன் செய்துகொண்டே அளவுகளைச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ஒரு சீட்டில் குறித்துக்கொள்வார். அடுத்த இரண்டு தாய்மார்களைப் பார்த்து முடித்த பிறகு, அந்தச் சீட்டை வைத்து ரிப்போர்ட் தயாராகும். சீட்டு எழுதுபவருக்கும், தட்டச்சு செய்பவருக்கும், புதிதாகக் கையெழுத்துப் போடத் தொடங்கியிருக்கும் டாக்டருக்கும் இதை எழுதுகிறேன். எட்டாம் மாத வாக்கில் எடுக்கும் வளர்ச்சி ஸ்கேனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தவறு அதிகம் நடப்பதும், தவறினால் தாய்க்கும் குழந்தைக்கும் அதிகம் பாதிப்பு வருவதும் அங்கேதான்.

விளக்குவதற்காக நான் தொகுத்த ஒரு சீட்டு இது. இரண்டாவது பிரசவம், முதல் குழந்தை சிசேரியன்.

```
LMP 15/1/25
1st scan 21/4/25  CRL 52
16/9/25
BPD 80 (32w1d)   HC 292 (32w1d)
AC 268 (30w6d)   FL 60 (31w2d)
AUA 31w4d   EDD(AUA) 14/11/25
EFW 1725
FHR 142
Pl ant LL
AFI 7.4
```

பார்த்தால் எல்லாம் இருப்பது போலத் தெரியும். ஆனால் இதை அப்படியே தட்டச்சு செய்தால் தவறான ரிப்போர்ட் போகும்.

முதலில் கர்ப்ப வாரம், அதுவும் புரோபைக் கையில் எடுப்பதற்கு முன்

இந்தச் சீட்டுக்குள் மூன்று பிரசவத் தேதிகள் ஒளிந்திருக்கின்றன. கடைசி மாதவிலக்கு ஜனவரி 15 என்று வைத்து 280 நாள் கூட்டினால் அக்டோபர் 22. இன்றைய அளவுகளின் சராசரியை வைத்து மெஷின் காட்டுவது நவம்பர் 14. முதல் ஸ்கேனை வைத்துப் போட்டால் நவம்பர் 4. ரிப்போர்ட்டில் போக வேண்டியது இந்த மூன்றாவதுதான். ஏன் என்று பார்ப்போம்.

தேதி கேட்கும்போது நம் ஊரில் வரும் பதில் பெரும்பாலும் “பொங்கல் முடிஞ்ச மறுநாளுங்க டாக்டரம்மா” என்பது போலத்தான் இருக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் மாதவிலக்கு எல்லோருக்கும் 28 நாளில் வருவதில்லை, கரு உருவான நாளும் ஆளுக்கு ஆள் மாறும். முதல் மூன்று மாதத்தில் மட்டும் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. அதனால் அப்போது தலை முதல் பிட்டம் வரை எடுத்த நீளம், அதாவது CRL, நாள் கணக்கைச் சில நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடும். 84 மி.மீ. வரை அதை நம்பலாம்.

இங்கே ஏப்ரல் 21 அன்று CRL 52 மி.மீ. அது 11 வாரம் 6 நாளுக்கு உரியது. மாதவிலக்குக் கணக்குப்படி அன்று 13 வாரம் 5 நாள் ஆகியிருக்க வேண்டும். இடையில் 13 நாள் வித்தியாசம். 9 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை எடுத்த ஸ்கேனில் வித்தியாசம் 7 நாளைத் தாண்டினால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் எடுத்த ஸ்கேன் என்றால் 5 நாளைத் தாண்டினாலே போதும். வித்தியாசம் அந்த வரம்புக்குள் இருந்தால் மாதவிலக்குத் தேதியே நிற்கட்டும், அதைக் கலைக்க வேண்டாம்.

இனி கூட்டல்தான். ஏப்ரல் 21 அன்று 11 வாரம் 6 நாள் என்றால் 83 நாள். அன்றிலிருந்து செப்டம்பர் 16 வரை 148 நாள். மொத்தம் 231, அதாவது சரியாக 33 வாரம். பிரசவத் தேதி நவம்பர் 4. ஒருமுறை இப்படி முடிவான தேதியைப் பின்னால் வரும் எந்த ஸ்கேனும் மாற்றக் கூடாது.

அப்படியானால் மெஷின் காட்டும் AUA எதற்கு? அது இன்றைய குழந்தை எத்தனை வாரக் குழந்தையின் பருமனில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. வயது வேறு, பருமன் வேறு. 33 வாரக் குழந்தை 31 வாரம் 4 நாள் பருமனில் இருக்கிறது என்பது நாம் கண்டுபிடிக்க வேண்டிய செய்தி. அந்தப் பருமனையே வயது என்று எழுதிவிட்டால் செய்தி மறைந்துபோகும்.

இதே சீட்டில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எடை 1725 கிராம். 31 வாரம் 4 நாள் என்று எழுதினால் சராசரிக்குக் கொஞ்சம் கீழே, கவலை இல்லை என்று வரும். 33 வாரம் என்று சரியாக எழுதினால் ஹாட்லாக் அட்டவணையில் 10-வது சதமானம் சுமார் 1790, 3-வது சதமானம் சுமார் 1620. குழந்தை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, கண்காணிக்க வேண்டும். மாதவிலக்குத் தேதியை நம்பி 34 வாரம் 6 நாள் என்று எழுதினால் 3-வது சதமானத்துக்கும் கீழே போய்விடும். அந்தத் தாயை அன்று மாலையே மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவார்கள். அளவுகளில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. வாரம் மட்டும்தான் மாறியது.

இந்தக் கணக்கை ரிப்போர்ட் எழுத உட்காரும்போது போடாதீர்கள், தாய் படுக்கையில் படுப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். குழந்தை சின்னது என்று தெரிந்தால் தொப்புள்கொடித் தமனியின் டாப்ளரும் பார்க்க வேண்டும். நம் சீட்டில் டாப்ளர் இல்லை. மெஷினின் 31 வாரம் கண்ணில் பட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தாய் பந்தலூர் பஸ் ஏறிய பிறகு கணக்குப் போட்டு என்ன பயன்? அதனால் வரவேற்பில் இருக்கும்போதே முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, வாரத்தையும் பிரசவத் தேதியையும் சீட்டின் தலையில் எழுதிவிட்டு உள்ளே அனுப்புங்கள்.

முதல் ஸ்கேனே இல்லாமல், ஏழு எட்டு மாதத்தில்தான் முதன்முறையாக ஒருவர் வந்தால்? எஸ்டேட் லைன்களிலிருந்தும் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்தும் இப்படி வருபவர்கள் உண்டு. 28 வாரத்துக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேன் மூன்று வாரம் வரை முன்னே பின்னே போகலாம். ஆகவே மாதவிலக்குத் தேதிக்கும் ஸ்கேனுக்கும் வித்தியாசம் 21 நாளைத் தாண்டினால்தான் தேதியை மாற்றலாம். அப்போதும் தயக்கத்துடன்தான், ஏனென்றால் வளர்ச்சி குறைந்த குழந்தையை வயது குறைந்த குழந்தையாக எடுத்துக்கொள்ளும் அபாயம் அங்கே இருக்கிறது. ரிப்போர்ட்டில் “கர்ப்ப வாரம் உறுதியாகக் கணிக்கப்படவில்லை, முதல் மூன்று மாத ஸ்கேன் இல்லை, மூன்று வாரம் கழித்து வளர்ச்சியைப் பார்க்கவும்” என்று வெளிப்படையாக எழுதுங்கள். பழைய ரிப்போர்ட் தொலைந்துபோனால் தாய்சேய் நல அட்டையில் அந்த அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

அளவுகள்: ஒரு இலக்கம் எவ்வளவு தூரம் இழுக்கும்

நான்கு அளவுகளில் தலையின் அகலமும் சுற்றளவும் தொடை எலும்பும் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. வயிற்றுச் சுற்றளவுதான், அதாவது AC, எடைக் கணக்கை அதிகம் ஆட்டிவைக்கிறது. அதைச் சீட்டில் படிக்கும்போது தனிக் கவனம் வேண்டும்.

அவசரத்தில் எழுதிய 6, 8 போலத் தெரியும். 268 என்பதை 288 என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். எடை 1725-லிருந்து 1928 கிராமாக ஏறிவிடும். 33 வாரத்துக்குப் பத்தாவது சதமானத்தைத் தாண்டிவிடும், ரிப்போர்ட்டில் “வளர்ச்சி சரி” என்று வந்துவிடும். இதைப் பிடிக்க ஒரு எளிய வழி, அளவுக்குப் பக்கத்திலேயே மெஷின் காட்டும் வாரத்தையும் எழுதிக்கொள்வது. 268-க்கு 30 வாரம் 6 நாள், 288-க்கு 32 வாரம் 6 நாள். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒன்று மற்றதற்குச் சாட்சி. பக்கத்தில் வாரம் இல்லாத சீட்டு வந்தால் ஊகிக்க வேண்டாம், மெஷினில் சேமித்த படத்தைத் திறந்து பாருங்கள்.

படத்தைத் திறந்ததும் அளவு எடுத்த விதத்தையும் பாருங்கள். வயிறு வட்டமாக இருக்க வேண்டும். இரைப்பைக் குமிழ் தெரிய வேண்டும், தொப்புள் சிரை கல்லீரலுக்குள் கொஞ்ச தூரம் போய் வளைவது தெரிய வேண்டும். சிறுநீரகம் தெரிந்தால் வெட்டு கீழே போய்விட்டது. நீள்வட்டக் கோடு தோலின் வெளி ஓரத்தில் போக வேண்டும், புரோபால் அழுத்தி வயிறு நசுங்கியிருக்கக் கூடாது. மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் AC மட்டும் பின்தங்கி நிற்கும்போது, டாக்டர் இன்னும் இரண்டு முறை எடுத்துச் சராசரி போடுவது நல்லது. மூன்று முறையும் அதே பக்கம் வந்தால் நம்பலாம்.

எடையைக் கிராமில் எழுதும்போது எந்தச் சூத்திரம், எந்த அட்டவணை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஸ்கேன் ஊட்டியில் வேறு மெஷினில் நடக்கலாம், அங்கே இருப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். இந்தக் கணிப்பு 15 சதவீதம் வரை தவறலாம் என்பதால் 1725 என்ற எண்ணைத் தாயிடம் உறுதியான எடை போலச் சொல்ல வேண்டாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். “மலைக் குழந்தை, சின்னதாத்தான் இருக்கும்”, “அம்மாவே ஒல்லி” என்று சொல்லிக் குறைந்த அளவைத் தள்ளிவிடும் பழக்கம் இருக்கிறது. உயரம் கூடக்கூடப் பிறப்பு எடை கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் குறிப்பிட்ட குழந்தை அதனால்தான் சின்னதாக இருக்கிறது என்று ஸ்கேனில் யாராலும் சொல்ல முடியாது. டாப்ளரும், இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கும் அடுத்த அளவும்தான் அதைச் சொல்லும். காரணத்தை ரிப்போர்ட்டில் நாமாகச் சேர்க்கக் கூடாது.

நஞ்சுக்கொடி: இரண்டு எழுத்தை நம்ப வேண்டாம்

சீட்டில் “Pl ant LL” என்று இருக்கிறது. முன்சுவரில் நஞ்சு என்பது சரி. LL? அது இடது பக்கவாட்டு என்றும் ஆகலாம், கீழே இறங்கிய நஞ்சு என்றும் ஆகலாம். ஒன்று சாதாரண விஷயம். மற்றது, முன்பே சிசேரியன் ஆன தாய்க்கு, உயிர் போகும் அளவுக்கு இரத்தப்போக்கு வரக்கூடிய விஷயம். பழைய தழும்பின் மேல் நஞ்சு ஊடுருவி ஒட்டியிருக்கலாம் என்ற சந்தேகமும் அதோடு வரும்.

தட்டச்சு செய்பவர் எழுந்து போய்க் கேட்பதுதான் ஒரே வழி.

“மேடம், LL-னு போட்டிருக்கே, இடது பக்கமா, கீழ எறங்கியிருக்கா?”

“இடது பக்கந்தான் கண்ணு. கீழ் ஓரம் கர்ப்பப்பை வாயிலிருந்து 34 மில்லி தள்ளி இருக்கு. அந்த 34-ஐயும் எழுதிரு.”

அந்த 34-தான் ரிப்போர்ட்டின் உயிர். நஞ்சின் கீழ் ஓரத்துக்கும் கர்ப்பப்பை வாயின் உள் துவாரத்துக்கும் இடையே 20 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் தாழ்ந்த நஞ்சு. துவாரத்தையே மூடியிருந்தால் பிரீவியா. 20-க்கு மேல் இருந்தால் தாழ்ந்தது இல்லை. “மேலே இருக்கிறது” என்று சொல்வதைவிட எண்ணைச் சொல்வது எப்போதும் மேல். சிசேரியன் ஆனவர்களுக்குத் தழும்புப் பகுதியில் நஞ்சு இருக்கிறதா இல்லையா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

இந்த அளவு பொய் சொல்லும் இடங்கள் இரண்டு. சிறுநீர்ப்பை முட்ட முட்ட நிறைந்திருந்தால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி நசுங்கி, நஞ்சு வாய்க்குப் பக்கத்தில் வந்தது போலத் தெரியும். போய்விட்டு வரச் சொல்லி மறுபடி பாருங்கள். அதேபோல் கீழ்ப்பகுதி சுருங்கிய நேரத்திலும் அப்படித் தெரியும், அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் சரியாகிவிடும். பின்சுவர் நஞ்சாக இருந்து குழந்தையின் தலை மறைத்தால் வயிற்றின் மேலிருந்து அளப்பதில் அர்த்தமில்லை. யோனிவழி ஸ்கேன் வேண்டும், அது செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே எழுத வேண்டும்.

பனிக்குட நீர்

AFI 7.4 என்ற ஒற்றை எண்ணை வைத்து “நீர் குறைவு” என்று எழுதிவிடும் அவசரம் பல இடங்களில் உண்டு. தாய்க்குப் பயம், தேவையில்லாத அட்மிஷன், சில சமயம் முன்கூட்டியே பிரசவம் வரை அது போகிறது. ஆகவே நான்கு பகுதிகளின் ஆழத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அவை 2.4, 1.3, 2.1, 1.6 செ.மீ. கூட்டினால் 7.4. மிகப் பெரிய ஒற்றைப் பையின் ஆழம் 2.4.

AFI 5-க்குக் கீழே போனால் குறைவு, 24, 25-க்கு மேல் போனால் அதிகம். ஒற்றைப் பை என்றால் 2-க்குக் கீழே குறைவு, 8-க்கு மேல் அதிகம். இரண்டில் ஒற்றைப் பையை நான் அதிகம் நம்புகிறேன். AFI தேவைக்கு மேல் “குறைவு” என்று சொல்லும், அதனால் குழந்தைக்கு நன்மை கூடுவதும் இல்லை. இந்தத் தாய்க்கு இரண்டுமே வரம்புக்குள், ஆனால் குறைந்த பக்கம். ரிப்போர்ட்டில் அப்படியே எழுதலாம்.

அளக்கும்போது புரோப் தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், பைக்குள் கைகாலோ தொப்புள்கொடியோ இருக்கக் கூடாது. கருப்பாகத் தெரியும் இடமெல்லாம் நீர் ஆகாது. கலர் போட்டால் உள்ளே சுருண்டிருக்கும் கொடி தெரிந்துவிடும்.

இனி ரிப்போர்ட்

பெயர், வயது, பிக்மி எண், அனுப்பிய டாக்டர், ஸ்கேன் காரணம் எல்லாம் மேலே. குழந்தை எத்தனை, எந்த நிலை, இதயத் துடிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு வரி போதும். பாலினம் ரிப்போர்ட்டிலும் வரக் கூடாது, சீட்டிலும் வரக் கூடாது, ஓரத்தில் குறியாகக்கூட. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதும் சாடையாகக் காட்டுவதும் குற்றம். எஃப் படிவமும், டாக்டர் தரும் உறுதிமொழியும் அன்றே முடிந்திருக்க வேண்டும்.

நம் சீட்டுக்கு வருவோம். தாய் இன்னும் வெளியே உட்கார்ந்திருந்ததால் திரும்ப அழைத்து டாப்ளர் பார்த்தாகிவிட்டது, குழந்தையின் தலை கீழே இருப்பதையும் டாக்டர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் போகும். வாக்கியங்களின் வரிசை தெரியட்டும் என்று தமிழில் தருகிறேன்.

> கர்ப்பப்பையில் உயிருள்ள ஒரு குழந்தை, தலை கீழாக. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 142, சீராக உள்ளது.
>
> கர்ப்ப வாரம்: 33 வாரம் 0 நாள். 21.4.2025 ஸ்கேனின் CRL (52 மி.மீ., 11 வாரம் 6 நாள்) அடிப்படையில். பிரசவத் தேதி 4.11.2025. மாதவிலக்குத் தேதியோடு 13 நாள் வித்தியாசம் இருப்பதால் ஸ்கேன் தேதி எடுக்கப்பட்டது.
>
> அளவுகள்: BPD 80, HC 292, AC 268, FL 60 மி.மீ. இன்றைய அளவுகளின் சராசரி 31 வாரம் 4 நாள் பருமனுக்கு உரியது. இதை வைத்துத் தேதி மாற்றப்படவில்லை. AC 10-வது சதமானத்துக்குக் கீழே. எடை 1725 கிராம் (ஹாட்லாக்), 3-க்கும் 10-க்கும் இடைப்பட்ட சதமானம்.
>
> நஞ்சுக்கொடி: முன்சுவர், இடது பக்கம். கீழ் ஓரம் உள் துவாரத்திலிருந்து 34 மி.மீ. தழும்புப் பகுதியில் நஞ்சு இல்லை.
>
> பனிக்குட நீர்: 2.4 + 1.3 + 2.1 + 1.6 = 7.4 செ.மீ. பெரிய ஒற்றைப் பை 2.4 செ.மீ. வரம்புக்குள், குறைந்த பக்கம்.
>
> தொப்புள்கொடித் தமனி: பி.ஐ. 0.98, வாரத்துக்கான வரம்புக்குள். டயாஸ்டோல் முடிவிலும் ஓட்டம் உள்ளது.
>
> முடிவு: 33 வாரத்துக்குக் குழந்தை சிறியது, டாப்ளரும் நீரும் வரம்புக்குள். இரண்டு வாரம் கழித்து வளர்ச்சியும் டாப்ளரும் பார்க்கவும்.

முடிவுப் பகுதியில் “வளர்ச்சிக் குறைபாடு” என்ற சொல்லைப் போடவில்லை. எடையும் வயிற்றளவும் 3-வது சதமானத்துக்கு மேலே இருக்கின்றன, டாப்ளர் நன்றாக இருக்கிறது. இப்போதைக்குச் சொல்லக்கூடியது சிறிய குழந்தை என்பது மட்டும்தான். 3-க்குக் கீழே போயிருந்தாலோ, தமனியின் பி.ஐ. 95-வது சதமானத்தைத் தாண்டியிருந்தாலோ அந்தச் சொல் வந்திருக்கும், அனுப்பிய டாக்டருக்கு அன்றே போனும் போயிருக்கும். டயாஸ்டோலில் ஓட்டம் நின்றிருந்தால் ரிப்போர்ட் தட்டச்சாகும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

மறு ஸ்கேனுக்கு ஒரே வாரத்தில் வரச் சொல்லி எடையை ஒப்பிட வேண்டாம். அளவுப் பிழையே ஒரு வார வளர்ச்சியைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால் வளரவில்லை என்ற பொய்யான முடிவு வரலாம். டாப்ளரோ நீரோ பார்க்க வேண்டுமென்றால் ஒரு வாரத்தில் கூப்பிடலாம், எடைக்குக் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள்.

தட்டச்சு முடிந்ததும் டாக்டர் சீட்டை ஒரு கையிலும் ரிப்போர்ட்டை மறு கையிலும் வைத்து வரி வரியாகப் பார்த்த பிறகே கையெழுத்து. தட்டச்சு செய்தவரே சரிபார்த்தால் 288 மறுபடியும் 288 ஆகத்தான் கண்ணில் படும். கொடுத்த பிறகு பிழை தெரிந்தால் பழைய கோப்பை அழித்து அதன் மேல் எழுத வேண்டாம். “திருத்தப்பட்ட ரிப்போர்ட்” என்று தேதியோடு தலைப்பிட்டு, எது மாறியது என்பதை ஒரு வரியில் சொல்லி, அனுப்பிய டாக்டருக்கும் தாய்க்கும் போன் செய்து பழைய தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டை ரிப்போர்ட்டின் மையப் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.